படத்துக்கு முன்னால் இருக்கும் அந்தப் பத்து நிமிடத்தை எடுத்துவிடாதீர்கள்: பள்ளித் திரைப்பட நாள் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

திரைப்பட நாள் குழுவினருக்கு,

போன வாரம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். இந்த ஆண்டு படத்துக்கு முன்னால் தொடக்க உரை கிடையாது, அதற்குப் பதிலாகக் கதைச்சுருக்கமும் படத்தின் நீதியும் அச்சிட்ட தாள் ஒன்று எல்லா மாணவர்களுக்கும் தரப்படும், தாளின் பின்பக்கத்தில் இருக்கும் பத்துக் கேள்விகளுக்குப் படம் ஓடும்போதே விடை எழுத வேண்டும், எழுத வசதியாக அரங்கில் பாதி விளக்குகள் எரியும் என்று அதில் இருக்கிறது. நேரம் மிச்சமாகும், கதை தெளிவாகப் புரியும் என்று இரண்டு காரணம் சொல்லியிருக்கிறீர்கள். நான்கு ஆண்டுகளில் மூன்று முறை அந்தத் தொடக்க உரையைப் பேசியது நான்தான். நேரில் வந்து கேட்டபோது "முடிவு எடுத்தாயிற்று" என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

மைக் என் கையில் இருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. உரையை யார் வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடந்தது என்று உங்களில் பெரும்பாலானோர் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் நீங்கள் சிறப்பு விருந்தினரை வரவேற்க வாசலில் நின்றிருப்பீர்கள், அது உங்கள் வேலை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பார்க்காத ஒன்றைத் தேவையில்லை என்று முடிவு செய்வது சரியில்லை.

முதலில் அந்தத் தாளைப் பற்றி. இது புதுத் திட்டம் இல்லை. போன ஆண்டுக்கு முந்தின ஆண்டு எனக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது உரைக்குப் பதில் இதே மாதிரி ஒரு தாளைத்தான் கொடுத்தீர்கள். விடைத்தாள்களைத் திருத்தும் வேலை பின்னால் என்னிடம் வந்தது. அந்தச் சுருக்கத்தில் ஒரு பிழை இருந்தது. கடைசியில் தாத்தா பேருந்தில் ஊர் திரும்புகிறார் என்று அச்சாகியிருந்தது. படத்தில் அவர் பேருந்தில் ஏறவே மாட்டார். பேருந்து வந்து நிற்கும், அவர் ஒரு நொடி அதைப் பார்ப்பார், அப்புறம் திரும்பி நடக்க ஆரம்பிப்பார், அவர் சின்னப் புள்ளியாகும் வரை கேமரா அசையாமல் நிற்கும். ஏன் ஏறவில்லை என்பதுதான் அந்தப் படமே. "படம் எப்படி முடிகிறது?" என்ற கேள்விக்கு, நான் திருத்திய தாள்களில் பெரும்பாலானவற்றில் "தாத்தா பேருந்தில் ஊர் திரும்பினார்" என்றுதான் இருந்தது. அவர் நடந்து போவதைப் பெரிய திரையில் ஒரு நிமிடத்துக்கு மேல் பார்த்த பிள்ளைகள் எழுதியது அது. கண்ணால் பார்த்ததைவிடக் காகிதத்தில் இருந்ததை நம்பியிருக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். விடை காகிதத்தில் இருக்கிறது என்று நாம்தான் முன்னாலேயே சொல்லிக் கொடுத்துவிட்டோம்.

தாளில் இருந்தது தப்பு, இந்த முறை சரிபார்த்து அச்சிடுவோம் என்று நீங்கள் சொல்லலாம். சரியாக அச்சிட்டிருந்தால் எல்லோரும் சரியாக எழுதியிருப்பார்கள், யார் பார்த்தார்கள் யார் பார்க்கவில்லை என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பிழைதான் நிலைமையைக் காட்டிக் கொடுத்தது.

சரி, உரையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். உரை என்று பெயரே தவிர, அதில் பேச்சு குறைவு. ஐம்பது நொடிகூட ஓடாத ஒரு படத்தை மூன்று முறை போடுகிறோம். பிரான்சில் லூயி லூமியேர் 1895-இல் எடுத்த படம். ஒரு தோட்டக்காரர் ரப்பர் குழாயால் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார். ஒரு பையன் பின்னால் வந்து குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நிற்கிறது. அவர் என்ன ஆயிற்று என்று குழாயின் வாயைப் பார்க்கிறார். பையன் காலை எடுக்கிறான். முகத்தில் பீய்ச்சி அடிக்கிறது. அவர் பையனைத் துரத்திப் பிடித்து அடிக்கிறார். அவ்வளவுதான். அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று பாரிசில் காசு வாங்கிக்கொண்டு லூமியேர் சகோதரர்கள் நடத்திய முதல் திரையிடலில் காட்டிய பத்துக் குறும்படங்களில் இதுவும் ஒன்று. அந்தப் பத்துமே ஒரு நிமிடத்துக்கு உட்பட்டவை, ஏனென்றால் அவர்களுடைய கேமராவில் ஒரு தடவைக்கு 17 மீட்டர் அளவு பிலிம்தான் போடுவார்கள், கையால் சுற்றச் சுற்ற அது அதற்குள் தீர்ந்துவிடும்.

இந்த விவரங்களை எல்லாம் நான் மாணவர்களிடம் முதலில் சொல்வதில்லை. கதையையும் சொல்வதில்லை. "இன்றைக்குப் பெரிய படத்துக்கு முன்னால் ஒரு சின்னப் படம். சத்தம் கிடையாது. பார்த்துவிட்டுப் பேசுவோம்," இவ்வளவுதான். விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டுவிடுவேன்.

முதல் தடவை ஓடும்போது நான் திரையைப் பார்ப்பதில்லை, அரங்கைப் பார்ப்பேன். சிரிப்பு இரண்டு முறை வரும். தண்ணீர் முகத்தில் அடிக்கும்போது வருவது பெரிய சிரிப்பு, அது எல்லோருக்கும் வரும். அதற்குச் சில நொடி முன்னால், பையன் குழாய்மேல் கால் வைக்கும்போதே, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சிரிப்பு ஒன்று வரும். எனக்கு வேண்டியது அந்தச் சின்னச் சிரிப்புதான். படம் முடிந்ததும் கேட்பேன்: "தண்ணீர் அடிப்பதற்கு முன்னாலேயே சிரித்தது யார்? இன்னும் ஒன்றுமே நடக்கவில்லையே, எதற்குச் சிரித்தீர்கள்?" கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் யாராவது ஒரு பிள்ளை சொல்லும். போன ஆண்டு ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னது இது: "அவருக்குத் தெரியாது சார், எங்களுக்குத் தெரியும்."

இதை நான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தால் பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டு மறந்திருப்பார்கள். அவர்களே சிரித்துவிட்டு, தாங்கள் ஏன் சிரித்தோம் என்று திரும்பிப் பார்த்துக் கண்டுபிடித்தது இது. திரையில் இருப்பவருக்குத் தெரியாதது பார்ப்பவருக்குத் தெரிகிறது, அந்தச் சில நொடி இடைவெளியில்தான் நாம் சீட்டின் நுனிக்கு வருகிறோம். இப்போது உங்கள் தாளை நினைத்துப் பாருங்கள். "ஒரு குறும்புக்காரச் சிறுவன் குழாயை மிதிக்கிறான், தோட்டக்காரர் நனைகிறார்" என்று முன்னாலேயே அச்சிட்டுக் கொடுத்திருந்தால் அந்தச் சின்னச் சிரிப்பு வந்திருக்காது. கால் குழாய்மேல் போவதைத் தானாகக் கவனித்த பிள்ளை யார், கவனிக்காத பிள்ளை யார் என்ற வித்தியாசமே அழிந்திருக்கும்.

இரண்டாம் தடவை அரங்கை இரண்டாகப் பிரிப்பேன். இடப்பக்கம் இருப்பவர்கள் தோட்டக்காரரை மட்டும் பார்க்க வேண்டும், வலப்பக்கம் இருப்பவர்கள் பையனை மட்டும். கண் அடுத்தவரிடம் ஓடினாலும் இழுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். இது கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கஷ்டம். பிள்ளைகளே சொல்வார்கள், "தண்ணீர் அடிக்கும்போது கண் தானாகப் போய்விடுகிறது" என்று. பையனைப் பார்த்த பக்கம் கண்டுபிடிப்பது எப்போதும் ஒன்றுதான்: அவன் காலைச் சும்மா எடுக்கவில்லை, காத்திருந்து எடுக்கிறான். அவர் முகம் குழாய்க்கு நேராக வரும் வரை காத்திருக்கிறான். முதல் தடவை பார்த்தபோது இதைக் கவனித்தவர்கள் மிகக் குறைவு, ஏனென்றால் அப்போது கண் முகத்தையும் குழாயையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே ஷாட்தான், இரண்டே ஆள்தான், ஒரு நிமிடம்கூட இல்லை, அதிலேயே ஒரு பக்கம் பார்த்ததை இன்னொரு பக்கம் பார்க்கவில்லை. ஒன்றரை மணி நேரப் படத்தில் எவ்வளவு தப்பிப் போகும் என்று நான் சொல்லவே வேண்டியதில்லை, அதற்குள் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மூன்றாம் தடவை ஒரே ஒரு கேள்வி: கேமரா எங்கே நிற்கிறது, அது நகர்கிறதா? நகரவில்லை. வெட்டும் கிடையாது, தொடக்கத்தில் இருந்து முடிவு வரை ஒரே ஷாட். இதை எல்லோரும் சொல்லிவிடுவார்கள், இதோடு உரையை முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். ஆனால் போன ஆண்டு ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "பிடித்த இடத்திலேயே அடித்திருக்கலாமே சார், எதற்கு அவனைத் திரும்ப இங்கே இழுத்துக்கொண்டு வருகிறார்?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடலே. தோட்டக்காரர் பையனைத் துரத்திப் பிடித்த பிறகு அவனைக் கேமராவுக்கு முன்னால் இழுத்து வந்து அடிக்கிறார். நிஜத்தில் கோபம் வந்த ஒருவர் அப்படிச் செய்ய மாட்டார். பிடித்த இடத்திலேயே இரண்டு போடுவார். நான் பதில் சொல்லவில்லை, அரங்கிடமே கேட்டேன். நாலைந்து பதில்கள் வந்தன. தண்ணீர்க் குழாயை அணைக்க வந்திருப்பார் என்றான் ஒருவன். வேலையை விட்டுப் போக முடியாது என்றாள் இன்னொருத்தி. கடைசியில் கேள்வி கேட்டவளே சொன்னாள்: "கேமரா நகராது இல்லையா, அங்கேயே அடித்தால் நமக்குச் சரியாகத் தெரியாது." திரைக்கலை படிப்பவர்கள் ஒரு பருவம் முழுக்கப் படிக்கும் விஷயம் அது. நடிப்பவர் எங்கே நிற்கிறார் என்பது கேமரா எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது, அதை யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார் என்பதை அந்தப் பெண் பன்னிரண்டு வயதில், யாரும் சொல்லிக் கொடுக்காமல், ஐம்பது நொடிப் படத்தில் இருந்து எடுத்துவிட்டாள்.

அதன் பிறகுதான் நான் ஆண்டையும் லூமியேரையும் பிலிம் நீளத்தையும் சொல்கிறேன். கேள்வி வந்த பிறகு சொன்னால் பிள்ளைகள் அதைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். (இந்தப் படத்தை லூமியேர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை எடுத்திருக்கிறார். யாராவது இதைச் செய்து பார்ப்பதானால், திரும்ப இழுத்துவரும் இடம் தெளிவாகத் தெரியும் பதிப்பு கையில் இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.) கடைசியாகப் பெரிய படத்துக்குள் எடுத்துப் போக ஒன்றே ஒன்று கொடுக்கிறேன்: "இந்தப் படத்தில் எங்கேயோ ஓர் இடத்தில், திரையில் இருக்கும் ஒருவருக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அல்லது அவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாமல் இருக்கும். அந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எழுத வேண்டாம்." உரை முடிந்தது. மூன்று ஓட்டமும் சேர்த்து இரண்டரை நிமிடம், மிச்சம் ஏழு நிமிடமோ எட்டு நிமிடமோ பேச்சு.

இதனால் என்ன பலன் என்று என்னிடம் கேட்டீர்கள். போன ஆண்டு பெரிய படம் முடிந்ததும் நடந்ததைச் சொல்கிறேன். படத்தில் ஒரு காட்சி. அம்மா தையல் இயந்திரத்தில் தைத்துக்கொண்டிருக்கிறார், முதுகு நமக்கு. வெளியே சைக்கிள் மணி கேட்கிறது. பல நாள் வீட்டுக்கு வராத அப்பா திரும்பி வந்திருக்கிறார். அம்மா தலையைத் திருப்பவில்லை. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் எழுந்து, "அம்மாவுக்கு இன்னும் கோபம் போகவில்லை, மணி கேட்டும் திரும்பவில்லை," என்றான். உடனே பின்வரிசையில் இருந்து ஒருத்தி மறுத்தாள்: "இயந்திரச் சத்தத்தில் அவருக்குக் கேட்டே இருக்காது. நமக்குக் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை." பாருங்கள், தோட்டக்காரரிடம் கற்றதை எங்கே கொண்டுவந்து வைக்கிறாள் என்று. அரங்கு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. திரும்பப் போடுங்கள் என்று கேட்டார்கள். நாற்பது நொடி அளவுக்கு அந்த இடத்தைத் திரும்பப் போட்டோம், இருநூறு பிள்ளைகள் இருந்த அரங்கில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. மணி அடிக்கிறது. அடுத்த நொடி தையல் இயந்திரத்தின் சத்தம் ஒரே ஒரு கணம் நின்று மறுபடி ஓடுகிறது. அவ்வளவுதான். "நின்றது, நின்றது!" என்று மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவருக்குக் கேட்டிருக்கிறது. கேட்டும் திரும்பவில்லை. வாயே திறக்காத பையன் சொன்னது சரி, ஆனால் அதற்கான ஆதாரம் அவன் கண்ணால் பார்த்ததில் இல்லை, எல்லோரும் காதால் கேட்டதில் இருந்தது. உண்மையைச் சொன்னால் அந்தப் படத்தை அதற்கு முன் இரண்டு முறை பார்த்திருந்த நானும் அதைக் கேட்டிருக்கவில்லை.

அந்த இடைவெளி ஒன்றரை நொடி இருந்தால் அதிகம். அந்த ஒன்றரை நொடியில் பிள்ளையின் தலை கேள்வித்தாள்மேல் குனிந்திருந்தால் என்ன ஆகும்? ஒரு வரி விடை எழுதக் குறைந்தது பத்து நொடியாவது குனிய வேண்டும். பத்துக் கேள்விக்குப் பத்து முறை. அதுகூடப் பரவாயில்லை, குனியாத நேரத்திலும் அவர்கள் படத்தைப் பார்ப்பதில்லை, நான்காம் கேள்வியின் விடை எப்போது வரும் என்று காத்திருக்கிறார்கள். "அம்மா என்ன தொழில் செய்தார்?" என்று ஒரு கேள்வி இருந்தால் தையல் இயந்திரத்தைப் பார்த்ததும் "தையல்" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அந்தக் காட்சியில் இருந்து எடுக்க வேண்டியதை எடுத்தாயிற்று என்று அவர்கள் நினைப்பார்கள்.

பாதி விளக்கு எரிவதைப் பற்றியும் ஒன்று. புரொஜெக்டரால் கறுப்பு நிறத்தை வீச முடியாது. அது வெளிச்சத்தை மட்டும்தான் வீசும், திரையில் கறுப்பு என்று நாம் பார்ப்பது வெளிச்சம் படாத வெறும் திரைதான். அரங்கில் விளக்கு எரிந்தால் அந்த வெறும் திரைமேல் வெளிச்சம் விழுந்து கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். முதலில் போவது இரவுக் காட்சிகள், இருட்டில் நிற்கும் முகங்கள். தாள் கொடுத்த ஆண்டில் படத்தின் நடுவில் வரும் இரவுக் காட்சி நான்கு நிமிடம் ஒன்றுமே தெரியவில்லை, பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள், ஒழுக்கம் இல்லை என்று அவர்கள் கடிந்துகொள்ளப்பட்டார்கள். பார்ப்பதற்குத் திரையில் ஒன்றும் இல்லாதபோது அவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

இதோடு சேர்த்து, திரையை முழுக்க நிரப்ப வேண்டும் என்று படத்தை இழுத்துப் போடுவதையும் நிறுத்த வேண்டும். பழைய படங்கள் பல, நான்குக்கு மூன்று என்ற அளவில் எடுக்கப்பட்டவை. பதினாறுக்கு ஒன்பது திரையில் அவற்றுக்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரத்தான் செய்யும். பட்டை நன்றாக இல்லை என்று ரிமோட்டில் அமுக்கினால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, எல்லோரும் பக்கவாட்டில் விரிந்து குண்டாகிவிடுவார்கள். திரையில் ஒரு சக்கரமோ கடிகாரமோ வரும்போது பாருங்கள், வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்தில் இருந்தால் படம் இழுக்கப்பட்டிருக்கிறது. அல்லது, மேலும் கீழும் சேர்த்துப் படத்தில் கால் பங்கு வெட்டுப்பட்டுப் போகும். குழாய் கிடக்கும் தரையே தெரியாவிட்டால் பையன் எதை மிதித்தான் என்று பிள்ளைகளிடம் எப்படிக் கேட்பது?

உங்கள் தரப்பில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. முதல் ஆண்டு நான் பேசிய உரை இருபத்தைந்து நிமிடம் ஓடியது. குளோசப், லாங் ஷாட், டிராலி, டிஸால்வ் என்று பதினைந்து சொற்களைப் படம் போட்டு விளக்கினேன். விளைவு என்ன தெரியுமா? படம் ஓடும்போது முகம் பெரிதாகத் தெரிந்த ஒவ்வொரு முறையும் பத்துப் பேர் "குளோசப்" என்று சத்தமாகச் சொன்னார்கள். அந்த முகத்தில் என்ன இருந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. பெயர் சொல்வதும் கேள்வித்தாளை நிரப்புவதும் ஒரே வகைத் தவறு, இரண்டுமே "முடிந்தது" என்ற நிம்மதியைக் கொடுத்துப் பார்வையை நிறுத்திவிடுகின்றன. அந்த ஆண்டை மனதில் வைத்து உரை நீளம் என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு அடுத்து நான் பேசிய இரண்டு முறையும் பத்து நிமிடத்தைத் தாண்டியதில்லை, சிறப்பு விருந்தினரின் வாழ்த்துரை போன ஆண்டு நாற்பது நிமிடம் போனது. நேரம் மிச்சப்படுத்துவதானால் எங்கிருந்து எடுப்பது என்பதை நீங்களே பாருங்கள்.

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை புரியாது என்ற கவலையும் உண்மையானதுதான். வேற்றுமொழிப் படம், கீழே வசன வரிகள், பழக்கமில்லாத பெயர்கள் என்றால் யார் யாருக்கு என்ன உறவு என்று முதல் இருபது நிமிடம் குழம்பிப் போகும். அதற்குத் தேவைப்படுவது, கரும்பலகையில் நான்கு பெயர், அவர்களுக்குள் என்ன உறவு, கதை நடக்கும் இடம். இவ்வளவுதான். என்ன நடக்கிறது என்பதைப் படம் சொல்லும், அதற்காகத்தான் அதை எடுத்தார்கள். நீதி என்ன என்பதைப் படம் பார்த்தவர்கள் சொல்லட்டும், அதுவும் ஆளுக்கு ஒன்றாக இருந்துவிட்டுப் போகட்டும். தையல் இயந்திரம் நின்ற அந்தக் கணத்தில் அம்மா மன்னித்துவிட்டாரா இல்லையா என்று பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். தாளில் "மன்னிப்பே சிறந்த குணம்" என்று அச்சாகியிருந்தால் சண்டை போட அங்கே ஒன்றும் இருந்திருக்காது.

இனி என் கோரிக்கைகள்.

கதைச்சுருக்கத்தையும் நீதியையும் படத்துக்கு முன்னால் கொடுப்பதைக் கைவிட வேண்டும். பெற்றோருக்காகவோ பள்ளிப் பதிவேட்டுக்காகவோ சுருக்கம் தேவை என்றால், எல்லாம் முடிந்து பிள்ளைகள் வெளியே போகும்போது கொடுங்கள்.

படம் ஓடும்போது யார் கையிலும் தாளோ பேனாவோ இருக்கக் கூடாது. மதிப்பெண்ணுக்கு ஏதாவது எழுத்தில் வேண்டும் என்றால், மறுநாள் வகுப்பில் அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஒரே ஒரு கேள்வி போதும்: "திரையில் இருந்த ஒருவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்த இடம் எது, அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுத முடியாது. விடைகளைத் திருத்த நானே முன்வருகிறேன், இருநூறு தாள் என்றாலும்.

அரங்கின் எல்லா விளக்குகளும் அணைக்கப்பட வேண்டும், வழிநடைக்கான விளக்கும் வாசலில் இருக்கும் விளக்கும் தவிர. கடைசி ஷாட் முடிந்து பெயர்கள் ஓடி முடியும் வரை அவற்றைப் போடக் கூடாது. போன ஆண்டு சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று கடைசி ஷாட்டின் நடுவில் விளக்கைப் போட்டார்கள், அது இந்த ஆண்டு நடக்கக் கூடாது. புரொஜெக்டரில் படம் அதன் சொந்த அளவில்தான் வர வேண்டும், முந்தின நாள் மாலை ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்க்க எனக்கு அனுமதி கொடுங்கள்.

தொடக்க உரைக்குப் பத்து நிமிடம், படம் முடிந்த பிறகு பேசப் பதினைந்து நிமிடம், ஒரு காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்க்கும் உரிமை. பேசுவது நானாக இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. தோட்டக்காரர் படத்தையும் மூன்று ஓட்டங்களின் கேள்விகளையும் யார் வந்தாலும் அரை மணி நேரத்தில் சொல்லித் தருகிறேன். பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் பேசினால் இன்னும் நல்லது. வாழ்த்துரை பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் இந்த இருபத்தைந்து நிமிடமும் அதிலிருந்தே கிடைத்துவிடும்.

தாள் வரும் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன்னால், வெள்ளிக்கிழமைக்குள், குழுவில் ஒருவராவது என்னோடு அரங்குக்கு வந்து அந்த ஐம்பது நொடிப் படத்தை மூன்று முறை பாருங்கள். அதன் பிறகு உங்கள் முடிவு எதுவானாலும் அதைக் காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தொடக்க உரையைப் பேசிவந்த ஆசிரியர்